குடியரசு வேறு, மக்களாட்சி வேறு: பாடநூல் சொற்களைச் சரியாகப் படிப்பது எப்படி?

"மக்களாட்சி, குடியரசு வேறுபடுத்துக" என்ற வினாவுக்குப் பள்ளி விடைத்தாள்களில் வரும் பதில்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். மக்களாட்சி என்றால் மக்கள் ஆள்வது, குடியரசு என்றால் குடிமக்கள் ஆள்வது. எழுதிய பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மேடைப் பேச்சிலும் செய்தித்தாளிலும் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் குடிமையியல் பாடநூல் அப்படிப் பயன்படுத்துவதில்லை. அங்கே இந்தச் சொற்கள் கலைச்சொற்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை நாம் நினைப்பதைவிட மிகவும் குறுகியது.

அரசியலமைப்பின் முகவுரை இந்தியாவை இறையாண்மை, சமதர்மம், மதச்சார்பின்மை, மக்களாட்சி, குடியரசு என்ற ஐந்து சொற்களால் சுட்டுகிறது. படிக்கும்போது ஐந்தும் ஒன்றாகச் சேர்ந்து "நல்ல நாடு" என்று ஒலிப்பதுதான் சிக்கல். இவற்றைத் தனித்தனிக் கேள்விகளுக்கான விடைகளாக எடுத்துக்கொண்டால் குழப்பம் தீரும். இந்த நாட்டுக்கு மேலே, வெளியே, அதற்குக் கட்டளையிடும் அதிகாரம் யாருக்காவது உண்டா? இல்லை என்பது இறையாண்மை. ஆட்சி செய்பவர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், யார் மாற்றுகிறார்கள்? மக்கள் என்பது மக்களாட்சி. நாட்டின் தலைமைப் பதவி ஒரு குடும்பத்தின் சொத்தாக இறங்கி வருகிறதா? இல்லை என்பது குடியரசு. அரசுக்கென்று ஒரு மதம் உண்டா? இல்லை என்பது மதச்சார்பின்மை. ஒரு கேள்விக்கு வரும் விடை இன்னொரு கேள்வியின் விடையைத் தீர்மானிப்பதில்லை. ஒரு நாடு ஒன்றில் தேறி மற்றொன்றில் தவறலாம்.

(ஐந்தாவதான சமதர்மத்தை இங்கே விட்டுவிடுகிறேன். பாடநூல் அதற்குச் செல்வம் ஒருசிலரிடம் குவியாமல் சமூக ஏற்றத்தாழ்வைக் குறைப்பது என்று பொருள் தருகிறது. அது ஒரு நோக்கத்தைச் சொல்லும் சொல். மற்ற நான்கைப் போல ஆம், இல்லை என்று சோதித்துப் பார்க்க வராது.)

சோதித்துப் பார்க்க மிகப் பொருத்தமான காலம் நம் வரலாற்றிலேயே இருக்கிறது.

இரண்டு தேதிகளுக்கு இடையே

1947 ஆகஸ்ட் 15 அன்று விடுதலை கிடைத்தது. குடியரசு நாளோ 1950 ஜனவரி 26. இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளில் இந்தியா என்னவாக இருந்தது?

விடை பலருக்கு வியப்பாக இருக்கும். அப்போது இந்தியாவுக்கு ஒரு மன்னர் இருந்தார். பெயர் ஆறாம் ஜார்ஜ். பிரிட்டனின் அரசரான அவரே, பிரிட்டிஷ் முடியின் கீழ் தன்னாட்சி பெற்ற நாடான இந்திய டொமினியனின் தலைவராகவும் சட்டப்படி இருந்தார். அவருடைய பிரதிநிதியாக டெல்லியில் அமர்ந்தவர் கவர்னர் ஜெனரல். முதலில் மவுண்ட்பேட்டன், 1948 ஜூன் முதல் ராஜாஜி. ராஜாஜி இந்தியர், விடுதலைப் போரில் சிறை சென்றவர், நேரு அமைச்சரவையின் பரிந்துரையால் அந்த இடத்துக்கு வந்தவர். ஆனாலும் காகிதத்தில் அவர் மன்னரால் நியமிக்கப்பட்டவர்தான். சட்டைப் பையில் கிடந்த காசிலும் மன்னரின் தலைதான் இருந்தது. சுதந்திர இந்தியாவின் சொந்த நாணயங்கள் 1950 ஆகஸ்ட் 15 அன்றுதான் வெளிவந்தன.

ஆக, அந்த இரண்டரை ஆண்டுகள் இந்தியா விடுதலை பெற்றிருந்தது, ஆனால் குடியரசாக இல்லை. 1950 ஜனவரி 24 அன்று அரசியல் நிர்ணய சபை ராஜேந்திர பிரசாத்தைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 26 அன்று அவர் பதவியேற்றார், ராஜாஜி விடைபெற்றார். அன்று மாறியது என்ன? பிரதமர் மாறவில்லை. நேருதான் இருந்தார். அமைச்சர்களும் அலுவலகங்களும் காவல் நிலையங்களும் அப்படியே இருந்தன. நாட்டின் தலைமைப் பதவிக்கு ஒருவர் எப்படி வருகிறார் என்ற வழி மாறியது. குடியரசு என்ற சொல் சுட்டுவது இந்த ஒரு மாற்றத்தைத்தான்.

இங்கே மாணவர்கள் வழக்கமாக இடறும் ஓர் இடம் உண்டு. "பிரதமரை மக்கள் தேர்ந்தெடுப்பதால் இந்தியா குடியரசு" என்று எழுதுவார்கள். இது தவறான காரணம். பிரிட்டனிலும் பிரதமர் தேர்தல் வழியாகத்தான் வருகிறார். ஆனால் பிரிட்டன் குடியரசு இல்லை. பார்க்க வேண்டியது அரசாங்கத்தை நடத்துபவரை அல்ல, நாட்டின் தலைவரை. இந்தியாவில் முன்னவர் பிரதமர், பின்னவர் குடியரசுத் தலைவர். குடியரசுத் தலைவருக்கு நாம் நேரடியாக வாக்களிப்பதில்லை. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மாநிலச் சட்டப்பேரவைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ள உறுப்பினர்கள் அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் 5 ஆண்டு. 35 வயது நிரம்பிய, மக்களவை உறுப்பினராகும் தகுதியுள்ள எந்தக் குடிமகனும் குடிமகளும் போட்டியிடலாம். மறைமுகத் தேர்தல் என்பதால் குடியரசுத் தன்மை குறைந்துவிடுவதில்லை.

இலங்கையின் கதை இந்தச் சொல்லின் விளிம்பை இன்னும் கூர்மையாகக் காட்டும். 1948இல் விடுதலை பெற்ற பிறகு 24 ஆண்டுகள் அந்த நாட்டின் தலைமை பிரிட்டிஷ் முடியாட்சியிடம்தான் இருந்தது. தேர்தல்கள் நடந்தன, ஆட்சிகள் மாறின, பிரதமர்கள் வந்து போனார்கள். 1972 மே 22 அன்று புதிய அரசியலமைப்பு இலங்கையைக் குடியரசாக்கியது. அதுவரை கவர்னர் ஜெனரலாக இருந்த வில்லியம் கோபல்லாவையே முதல் ஜனாதிபதியானார். ஆள் அவரே, பதவிதான் வேறு. அந்த அரசியலமைப்பின்படி ஜனாதிபதியைப் பிரதமர் பெயர் குறித்து நியமித்தார், தேர்தல் எதுவும் இல்லை. "தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் உள்ள நாடு குடியரசு" என்று நம் பாடநூல்கள் சொல்வது இந்தியாவுக்குப் பொருந்தும். ஆனால் 1972இன் இலங்கையையும் உலகம் குடியரசு என்றுதான் ஏற்றது. இவற்றுக்கெல்லாம் பொதுவான கடைசி அளவுகோல் ஒன்றுதான்: பதவி பரம்பரையாக வரக்கூடாது.

இவ்வளவு குறுகிய பொருள் என்பதால்தான் சீனாவும் குடியரசு, வடகொரியாவும் குடியரசு. வடகொரியாவில் தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை ஆண்டாலும் சட்டப் புத்தகத்தில் மன்னர் இல்லை. அந்த நாட்டின் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே "ஜனநாயகம்", "மக்கள்", "குடியரசு" என்ற மூன்றும் இருக்கின்றன! மறுபுறம் பிரிட்டன், ஜப்பான், ஸ்வீடன், நெதர்லாந்து எல்லாம் முடியாட்சிகள். ஆனால் அங்கே அரசாங்கத்தைத் தேர்தலில் தோற்கடிக்க முடியும். நல்லாட்சிக்கான சான்றிதழாகக் குடியரசு என்ற சொல்லைப் படித்தால் இந்தப் பட்டியலே விளங்காது.

ஓர் எச்சரிக்கை. இணையத்தில் அமெரிக்கர்கள் "நம் நாடு குடியரசு, மக்களாட்சி அல்ல" என்று வாதிடுவதைப் பார்த்திருக்கலாம். அது வேறு மரபு. 18ஆம் நூற்றாண்டில் அங்கே அரசியலமைப்பை உருவாக்கியவர்களில் சிலர், குறிப்பாக ஜேம்ஸ் மேடிசன், மக்கள் நேரடியாகக் கூடி முடிவெடுப்பதை ஒரு சொல்லாலும், பிரதிநிதிகள் வழியாக ஆள்வதை இன்னொரு சொல்லாலும் குறித்தார்கள். அவர்களுடைய "குடியரசு" ஏறக்குறைய நம் பாடநூலின் "பிரதிநிதித்துவ மக்களாட்சி". அந்த வாதத்தைத் தேர்வுத்தாளுக்குக் கொண்டுவந்தால் மதிப்பெண் போகும்.

வாக்குச்சீட்டு எப்போது வந்தது?

1950 ஜனவரி 26 அன்று இந்தியா குடியரசாகிவிட்டது. மக்களாட்சியாகவும் ஆகிவிட்டதா? பாடநூல் இலக்கணத்தைக் கண்டிப்பாகப் பிடித்தால், முழுமையாக இல்லை.

பாடநூல்கள் வழக்கமாக ஆபிரகாம் லிங்கனின் புகழ்பெற்ற வாசகத்தில் தொடங்கும். மக்களால், மக்களுக்காக என்று வரும் அந்த வாசகம் மனத்தில் நிற்கும், ஆனால் ஒரு நாட்டைச் சோதிக்க உதவாது. எந்தச் சர்வாதிகாரியும் மக்களுக்காகத்தான் ஆள்வதாகச் சொல்வார். மேல் வகுப்புப் பாடங்கள் அதனால்தான் இன்னும் உறுதியான அளவுகோல்களைத் தருகின்றன. இறுதி முடிவெடுக்கும் அதிகாரம் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் இருக்க வேண்டும். ஆளுங்கட்சி தோற்கக்கூடிய தேர்தலாக அது இருக்க வேண்டும். வயதுவந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு, எல்லா வாக்குக்கும் ஒரே மதிப்பு. வென்றவர்களும் சட்டத்துக்கும் குடிமக்களின் உரிமைகளுக்கும் கட்டுப்பட வேண்டும்.

அரசியல் நிர்ணய சபையை இதில் வைத்துப் பாருங்கள். மாகாணங்களின் சார்பில் அதில் அமர்ந்தவர்களைத் தேர்ந்தெடுத்தவை மாகாணச் சட்டசபைகள். அந்தச் சட்டசபைகளைத் தேர்ந்தெடுத்தவர்கள் சொத்து, வரி, கல்வி போன்ற தகுதிகளால் வாக்குரிமை பெற்றிருந்த ஒரு பகுதியினர். நிலமில்லாத உழவருக்கும் படிக்காத கூலித் தொழிலாளிக்கும் பொதுவாக அங்கே இடமில்லை. எல்லோருக்கும் வாக்கு என்ற விதி, அரசியலமைப்பின் 326ஆவது பிரிவாக, 1950இல் நடைமுறைக்கு வந்தது. அந்த விதியின்படி முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 தொடக்கம்வரை நடந்தது. அதாவது இந்தியா முதலில் விடுதலை பெற்றது, பிறகு குடியரசானது, அதன் பிறகே தன் எல்லா மக்களின் வாக்கால் ஓர் அரசாங்கத்தை அமைத்தது.

அந்தத் தேர்தலின் வாக்காளர்கள் சுமார் 17.3 கோடி. பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அதற்காகவே ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி வாக்குப்பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் சந்தித்த இன்னொரு சிக்கல் நம் பாடத்துக்கு நேரடியாக வேண்டியது. பல பெண்கள் பட்டியலில் தம் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிந்துகொண்டார்கள். வாக்கு ஓர் ஆளுக்கு உரியது, உறவுக்கு உரியதில்லை என்று ஆணையம் உறுதியாக நின்றது. சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. "ஒருவருக்கு ஒரு வாக்கு" என்ற மூன்று சொல் தொடருக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

வாக்குரிமை வயது அப்போது 21. 61ஆவது திருத்தம் அதை 18 ஆக்கியது. அது நடைமுறைக்கு வந்தது 1989இல்.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. இலங்கையில் ஆண், பெண் இருபாலருக்கும் பொது வாக்குரிமை 1931லேயே, பிரிட்டிஷ் ஆட்சிக்குள்ளேயே வந்துவிட்டது. வாக்கு இருந்தது, இறையாண்மை இல்லை. விடுதலைக்குப் பிறகோ, 1948இன் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. நாடு இறையாண்மை பெற்றது, அவர்கள் வாக்கை இழந்தார்கள். குடியுரிமையை யாருக்கு மறுக்கிறோம் என்பதன் வழியாகவே "எல்லோருக்கும் வாக்கு" என்ற விதியை உடைக்காமல் வளைத்துவிடலாம். பாடநூலின் ஒருவரி விளக்கம் இதைச் சொல்வதில்லை.

இறையாண்மை: கடைசிச் சொல் யாருடையது?

இந்தச் சொல்லுக்கு நம் பக்கத்து ஊரான புதுச்சேரியைப் பார்த்தால் போதும். பிரெஞ்சு ஆட்சியின் பிற்காலத்தில் புதுச்சேரி ஒரு குடியரசின் பகுதி. பிரான்சில் மன்னர் கிடையாது. புதுச்சேரி மக்கள் பாரிஸ் நாடாளுமன்றத்துக்குப் பிரதிநிதியையும் அனுப்பினார்கள். ஆனால் கடைசி முடிவு பாரிசில்தான். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அலுவலகத்தில் இந்திய அதிகாரி, கொடிமரத்தில் இந்தியக் கொடி. ஆனாலும் பிரெஞ்சு நாடாளுமன்றம் உடன்படிக்கைக்கு ஒப்புதல் தந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்று ஆவணங்கள் கைமாறும்வரை சட்டப்படி இறையாண்மை பிரான்சிடம்தான் இருந்தது. இன்றும் புதுச்சேரியில் அந்த ஆகஸ்ட் 16 தனி விழா. நிர்வாகம் செய்வதும் இறையாண்மை கொண்டிருப்பதும் ஒன்றில்லை என்பதை எட்டு ஆண்டுகள் ஓர் ஊரே வாழ்ந்து காட்டியது.

இந்தியா தன் இறையாண்மையை நிறுவிய விதத்தில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி இருக்கிறது. 1947இல் அதிகாரம் கைமாறியது இந்திய விடுதலைச் சட்டத்தின்படி. அது பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். அப்படியானால் நம் அதிகாரத்தின் வேர் லண்டனில் இருக்கிறதா? அரசியலமைப்பின் கடைசிப் பிரிவான 395 அந்தச் சட்டத்தையே நீக்கிவிட்டது. தம்மைத் தோற்றுவித்த சட்டத்தை நீக்கும் உரிமை அந்தச் சட்டம் தந்ததா என்று வழக்கறிஞர்கள் வாதிட்டுக்கொள்ளலாம். அரசியல் நிர்ணய சபையின் நிலை தெளிவு: அதிகாரம் மேலிருந்து வரவில்லை, மக்களிடமிருந்து வருகிறது. முகவுரை "இந்திய மக்களாகிய நாம்" என்று தொடங்குவது இதனால்தான். அதற்குச் சற்று முன், 1949 அக்டோபரில், இந்திய வழக்குகள் மேல்முறையீட்டுக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போவதும் நிறுத்தப்பட்டிருந்தது.

"காமன்வெல்த்தில் இருக்கும் இந்தியா இறையாண்மை உள்ள நாடா?" என்று கேட்கப்படுவதுண்டு. ஆம். 1949 ஏப்ரல் லண்டன் அறிக்கையின்படி இந்தியா மன்னரை அந்த அமைப்பின் தலைவராக, ஓர் அடையாளமாக மட்டும் ஏற்றது. இந்தியாவுக்குள் அவருக்கு எந்த வேலையும் இல்லை. விரும்பிச் சேர்ந்த அமைப்பிலிருந்து விரும்பி விலகலாம். உடன்படிக்கைகளுக்கும் இதே கணக்குத்தான்.

இதே சொல்லுக்கு உள்நோக்கிய ஒரு பயன்பாடும் உண்டு. 1963இன் 16ஆவது திருத்தம், தேர்தலில் நிற்பவர்களும் பதவியேற்பவர்களும் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதியேற்க வேண்டும் என்று ஆக்கியது. அந்தக் காலத்தில் திராவிட நாடு கோரிக்கையை முன்வைத்திருந்த திமுக, அதே ஆண்டில் அதைக் கைவிட்டது. முகவுரையில் "எங்களுக்கு மேல் வெளியார் யாரும் இல்லை" என்று பேசும் சொல், உறுதிமொழியில் "உள்ளிருந்து யாரும் பிரிந்து போகக்கூடாது" என்று பேசுகிறது.

மதச்சார்பின்மை: பின்னால் வந்த சொல், முன்னாலேயே இருந்த விதி

நான்கில் மிகவும் சிக்கலானது இதுதான். முதலில் ஆண்டு: முகவுரையில் இந்தச் சொல் 1950இல் இல்லை. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இன் 42ஆவது திருத்தம் இதையும் சமதர்மத்தையும் சேர்த்தது. அப்படியானால் 1976வரை இந்தியா மதச்சார்புள்ள நாடாக இருந்ததா என்று ஒரு மாணவர் கேட்டால் அது நல்ல கேள்வி. இல்லை. 25 முதல் 28 வரையிலான பிரிவுகளும், மதத்தின் பேரால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 15ஆவது பிரிவும் முதல் நாளிலிருந்தே இருந்தன. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் கே. டி. ஷா இந்தச் சொல்லை அரசியலமைப்பில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை எதிர்த்தார், சபை நிராகரித்தது. விதிகளை எழுதினார்கள், பெயர்ப்பலகை வைக்கவில்லை.

அடுத்து பொருள். பாடநூல் இதில் மூன்று செய்திகளைச் சேர்த்தே சொல்கிறது: அரசுக்கென்று மதம் இல்லை, எல்லா மதங்களையும் அரசு சமமாக நடத்தும், குடிமக்கள் விரும்பிய மதத்தைப் பின்பற்றலாம், பின்பற்றாமலும் இருக்கலாம். கடவுள் மறுப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. அரசுக்குத்தான் மதம் இல்லை, மக்களுக்கு இல்லை என்று பொருளில்லை.

ஆனால் "அரசு மதத்தில் தலையிடாது" என்று எழுதினால் அது பிரான்ஸ், அமெரிக்கா பற்றிய பாடமாகிவிடும். இந்திய விதி அப்படி இல்லை. தமிழ்நாட்டில் இதை விளக்க வெகுதூரம் போக வேண்டாம். கோயில் உண்டியலை எண்ணுவது, கோயில் நிலத்தைக் குத்தகைக்கு விடுவது எல்லாம் இந்து சமய அறநிலையத் துறையின் மேற்பார்வையில் நடக்கிறது. மதச்சார்பற்ற அரசுக்குக் கோயிலில் என்ன வேலை? விடை 25ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் இருக்கிறது. மத வழக்கத்தோடு ஒட்டிய பொருளாதார, நிதி, அரசியல் மற்றும் பிற உலகியல் செயல்களை அரசு ஒழுங்குபடுத்தலாம். பூசை எப்படி என்பது மதம். கணக்கு எப்படி என்பது உலகியல். இந்து சமயப் பொதுக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடச் சட்டம் செய்யவும் அதே உட்பிரிவு இடம் தருகிறது.

இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே? அர்ச்சகரை நியமிப்பது எந்தப் பக்கம்? தமிழ்நாடு அரசு அர்ச்சகர் பதவியின் வாரிசுரிமையை நீக்கிச் சட்டம் கொண்டுவந்தபோது இந்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் நீதிமன்றம் பிரித்துச் சொன்னது: அர்ச்சகர் செய்யும் பூசை மதம் சார்ந்தது, அவரை நியமிக்கும் செயல் உலகியல் சார்ந்தது. ஆகவே வாரிசுரிமையை நீக்கலாம். ஆனால் நியமிக்கப்படுபவர் ஆகம விதிப்படி தகுதியுள்ளவராக இருக்க வேண்டும். ஒரே பதவிக்குள் கோடு விழுந்தது.

பள்ளியை எடுத்துக்கொள்ளலாம். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்கிறது 28ஆவது பிரிவு. அரசு உதவி பெறும் கிறித்தவ மிஷன் பள்ளியில் அது நடக்கலாம், ஆனால் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். அந்தப் பள்ளிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கும் மற்றவர்கள் நீதிபோதனைக்கும் பிரிந்து போகும் அந்த ஒரு பாடவேளை, 28ஆவது பிரிவு நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதைக் காட்டுகிறது.

விதி எவ்வளவு நெளிவானது என்பதற்கு 290அ பிரிவு ஒரு விந்தையான சான்று. குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்க்கவென்று ஒதுக்கிய வரியைச் செலுத்த யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 27ஆவது பிரிவு. அதே அரசியலமைப்பின் 290அ, தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் 13,50,000 ரூபாய் தேவசம் நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த பகுதிகளின் இந்துக் கோயில்களுக்கான தொகை இது. கேரளம் தர வேண்டியது 46,50,000. இதன் பின்னணி பழைய சமஸ்தானத்துக் கணக்கு. திருவிதாங்கூர் அரசு கோயில் சொத்துகளை எடுத்துக்கொண்டு, அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பையும் ஏற்றிருந்தது. சமஸ்தானம் இணைந்தபோது அந்தப் பொறுப்பும் கூடவே வந்தது.

அண்டை நாடுகளில் இதே சொல்லுக்கு வேறு பொருள். இலங்கை அரசியலமைப்பின் 9ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்து, அதைப் பேணுவதை அரசின் கடமையாக்குகிறது. மற்ற மதங்களின் உரிமைகளையும் உறுதி செய்கிறது. மதச்சுதந்திரம் உண்டு, ஆனால் நம் பாடநூலின் பொருளில் அது மதச்சார்பற்ற அரசு இல்லை. நேபாளம் 2006வரை இந்து ராஜ்யம். மதச்சார்பற்றதாக அறிவிக்கப்பட்டபோதும் அங்கே மன்னர் இருந்தார். முடியாட்சி போனது 2008 மே 28 அன்றுதான். எனவே இடையில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மன்னரும் மதச்சார்பின்மையும் ஒன்றாக இருந்தன. 2015இன் நேபாள அரசியலமைப்பு அந்தச் சொல்லுக்கு விளக்கமும் தந்தது: தொன்றுதொட்டு வரும் மதத்தையும் பண்பாட்டையும் காப்பது, மத, பண்பாட்டுச் சுதந்திரம். நம் 28ஆவது பிரிவைப் படித்த மாணவருக்கு இந்த விளக்கம் விசித்திரமாக இருக்கும்.

இந்திய அரசியலமைப்பிலோ இந்தச் சொல்லுக்கு விளக்கமே இல்லை. 1978இல் ஜனதா அரசு ஒரு திருத்த மசோதாவில் அதைச் சேர்க்க முயன்றது. "எல்லா மதங்களுக்கும் சம மதிப்பு உள்ள குடியரசு" என்பது அவர்கள் முன்வைத்த பொருள். மக்களவை ஏற்றது, மாநிலங்களவை நிராகரித்தது. 1994இல் எஸ். ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் மதச்சார்பின்மையை அரசியலமைப்பின் அடிப்படைக் கூறுகளில் ஒன்று என்றது. 1976இல் சேர்த்த சொற்களை நீக்கக் கோரிய மனுக்களை 2024 நவம்பரில் தள்ளுபடி செய்தது. பாடநூலில் நாம் மனப்பாடம் செய்யும் அந்த மூன்று வரி விளக்கம் இப்படிப் பிரிவுகளிலிருந்தும் தீர்ப்புகளிலிருந்தும் தொகுத்து எழுதப்பட்டது. முகவுரையைத் தேடினால் அங்கே சொல் மட்டுமே இருக்கும்.